ப்ரொஃபைலைத் தாண்டி DDR5 ராமைச் சீரமைத்தல்: பிழை வரும் நேரத்தை வைத்துக் காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

பயாஸில், ராம் தயாரிப்பாளர் மாட்யூலிலேயே பதித்துவைத்த EXPO ப்ரொஃபைலை இயக்கியதும் ராமின் வேகம், முதன்மை டைமிங்குகள், மின்னழுத்தம் ஆகியவை பொருத்தப்பட்டுவிடுகின்றன. அதற்கு அடியில் இருக்கும் துணை டைமிங்குகளில் பல, எந்த மதர்போர்டில் செருகினாலும் ஓட வேண்டும் என்பதற்காகத் தாராளமாகவே விடப்படுகின்றன. அந்தத் தாராளத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டலாம் என்பது உண்மை. ஆனால் குறைக்கத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்: பிழை வந்தவுடன் காரணத்தைத் தேடாமல் மின்னழுத்தத்தை ஏற்றுகிறார்கள். சில பிழைகளை அது தீர்க்கும், சிலவற்றை மோசமாக்கும். எது எந்த வகை என்பதைப் பிழை வந்த நேரமும் அப்போது ராமில் இருந்த சூடும் பெரும்பாலும் சொல்லிவிடும்.

எடுத்துக்காட்டாக ஒரே கணினியை வைத்துக்கொள்கிறேன். AM5 மதர்போர்டு, ரைசன் 7000 வரிசை ப்ராசஸர், 16 ஜிபி மாட்யூல்கள் இரண்டு, DDR5-6000, டைமிங் 30-38-38-96, ப்ரொஃபைல் மின்னழுத்தம் 1.35 வோல்ட், சிப்புகள் ஹைனிக்ஸ் 16 கிகாபிட் எம்-டை. இன்டெல் கணினியிலும் காரணங்கள் இவையே. மின்னழுத்தங்களின் பெயர்களும் சில டைமிங்குகளின் உச்ச எல்லையும் மட்டுமே வேறுபடும்.

தொடங்கும் முன்

முதலில் ப்ரொஃபைலை மட்டும் இயக்கி, வேறெதையும் தொடாமல், முழுச் சோதனையையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ப்ரொஃபைலே நிலையாக ஓடாத கணினியில் துணை டைமிங்குகளைத் தொட்டால், பிறகு வரும் எந்தப் பிழைக்கும் மூலம் தெரியாமல் போய்விடும். ப்ராசஸருக்கு மின்னழுத்தக் குறைப்பு செய்திருந்தால், அதையும் இந்த வேலை முடியும்வரை நீக்கிவிடுங்கள்.

அடுத்தது, பயாஸில் `Memory Context Restore` என்ற அமைப்பை அணைத்து வையுங்கள். அது இயங்கினால், கணினி ஒவ்வொரு முறையும் ராமோடு சமிக்ஞை நேரங்களைச் சரிசெய்துகொள்ளும் பயிற்சியைச் செய்யாமல் பழைய பயிற்சியின் முடிவையே எடுத்துக்கொள்ளும். நீங்கள் டைமிங்கை மாற்றிய பிறகும் பழைய முடிவு தொடர்ந்தால், காணும் விளைவு எதனுடையது என்று பிரித்தறிய முடியாது. அணைத்தால் தொடக்கம் மெதுவாகும். DDR5-இல் புதிய அமைப்போடு முதல்முறை தொடங்கும்போது திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். அந்த நேரத்தில் பொறுமை இழந்து மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள்.

மூன்றாவது, தவறும் ராம் வட்டில் எழுதும் கோப்புகளையும் கெடுக்கும். ஒரு தவறான பிட் கோப்பு அமைப்பின் அட்டவணையில் விழுந்தால் சேதம் எங்கே என்று பல மாதங்களுக்குத் தெரியாது. எனவே முக்கியமான தரவுக்கு வெளியே ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் பிறகு இயங்குதளத்துக்குள் நுழையும் முன், யூஎஸ்பியிலிருந்து MemTest86-ஐ ஒரு சுற்றாவது ஓட்டுங்கள். அது நுண்ணிய பிழைகளைப் பிடிப்பதில் வலுவானது அல்ல. ஆனால் வட்டைத் தொடாமலேயே மோசமான அமைப்பைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒரே டைமிங்கை மட்டும் மாற்றுங்கள். பழைய மதிப்பு, புதிய மதிப்பு, பிழை வந்த நிமிடம், அப்போது மாட்யூலில் இருந்த சூடு ஆகிய நான்கையும் தாளில் எழுதுங்கள். DDR5 மாட்யூல்களில் சூட்டை அளக்கும் உணரி உள்ளேயே இருக்கிறது. HWiNFO அதைக் காட்டும். கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்தத் தாளை நம்பித்தான் இருக்கிறது.

அறிகுறி: திரையே வரவில்லை, அல்லது இயங்குதளம் ஏறும்போதே உறைகிறது

இது எளிதான வகை. மாட்யூல் இன்னும் சூடேறவே இல்லை என்பதால், சூடு சார்ந்த காரணங்களை உடனே ஒதுக்கிவிடலாம். கடைசியாக மாற்றியது tRFC என்றால் அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். மின்னூட்டத்தை மீண்டும் நிரப்பும் பணிக்கு, அதாவது ரெஃப்ரெஷுக்கு, சிப் எடுத்துக்கொள்ளும் நேரமே tRFC. அந்த வேலை முடிவதற்குள் கன்ட்ரோலர் அடுத்த கட்டளையை அனுப்பினால், பிழை அங்கங்கே சிதறி வராது. பெரும்பாலும் எல்லாமே ஒரேயடியாகச் சரிந்துவிடும்.

எடுத்துக்காட்டுக் கணினியில் இந்தச் சரிவு எவ்வளவு செங்குத்தாக இருந்தது என்பதைப் பாருங்கள். tRFC 480-இல் மணிக்கணக்கில் பிழையில்லை. 450-இல் இரண்டாவது நிமிடமே பிழை வந்தது. 420-இல் கணினி தொடங்கவே மறுத்தது. DDR5-6000-இல் கடிகாரம் 3000 மெகாஹெர்ட்ஸ் என்பதால் 480 துடிப்புகள் என்பது 160 நானோநொடி. எம்-டை சிப்புகளில் பொதுவாக இதையொட்டித்தான் சுவர் நிற்கிறது. அதே நிறுவனத்தின் 16 கிகாபிட் ஏ-டை சிப்புகள் 120 நானோநொடிக்கு அருகே வரை இறங்கும். உங்கள் மாட்யூலில் எந்தச் சிப் இருக்கிறது என்று தெரியாமல் வேறொருவரின் tRFC மதிப்பை அப்படியே எடுத்துப் போடுவது, இந்த அறிகுறியை நேரே அழைத்து வருவதற்குச் சமம்.

மீள்வதற்கு, முதலில் மதர்போர்டு தானாக முயன்று பழைய அமைப்புக்குத் திரும்புகிறதா என்று காத்திருங்கள். திரும்பாவிட்டால் மின்சாரத்தை நிறுத்தி, சீமாஸ் அழிப்பு முனைகளை இணைத்துவிட்டு, சேமித்து வைத்த அமைப்பை ஏற்றுங்கள். ரெஃப்ரெஷ் கட்டளைகளுக்கு இடையிலான நேரமான tREFI-ஐ இந்த அறிகுறிக்குச் சந்தேகிக்க வேண்டாம். அது இவ்வளவு சீக்கிரம் முகம் காட்டுவதில்லை.

அறிகுறி: சோதனையின் முதல் சில நிமிடங்களிலேயே பிழை

கணினி தொடங்குகிறது, வேலை செய்கிறது. ஆனால் TestMem5 என்ற ராம் சோதனை மென்பொருளின் ‘Extreme’ அமைப்பில் மாட்யூல் 40 டிகிரியைத் தொடுவதற்கு முன்பே பிழை விழுகிறது. கேட்டதைக் கேட்ட நேரத்துக்குள் சிப்பால் தர முடியவில்லை என்பதுதான் இதன் பொருள். இங்கே மின்னழுத்தம் உதவக்கூடும், உதவாமலும் போகலாம். அதை ஒரே சோதனையில் கண்டுபிடித்துவிடலாம்.

டைமிங்கை அப்படியே விட்டு, ராம் சிப்புகளுக்கான முதன்மை மின்னழுத்தமான VDD-ஐ மட்டும் 0.02 வோல்ட் ஏற்றி மீண்டும் ஓட்டுங்கள். தரவு இணைப்புகளுக்கான மின்னழுத்தமான VDDQ-வை VDD-க்குச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ வைத்திருங்கள். பிழை வரும் நேரம் தெளிவாகத் தள்ளிப்போனால் அந்த டைமிங் மின்னழுத்தத்துக்குக் கட்டுப்படுகிறது. இன்னும் ஒரு படி ஏற்றிப் பார்ப்பதில் பொருள் இருக்கிறது. 30-38-38-96 என்பதில் முதல் எண்ணான tCL பெரும்பாலும் இந்த வகை. எடுத்துக்காட்டுக் கணினியில் tCL 28 என்பது 1.35 வோல்ட்டில் இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை, 1.40-இல் தாங்கியது. மாறாக, மின்னழுத்தத்தை ஏற்றிய பிறகும் அதே நிமிடத்தில் அதே பிழை வந்தால், அந்த டைமிங்கை மின்னழுத்தத்தால் வாங்க முடியாது. உடனே பழைய மின்னழுத்தத்துக்கு இறங்கி, டைமிங்கைத் தளர்த்துங்கள். tRFC பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான் வரும்.

இதே இடத்தில் tRRDS, tFAW ஆகிய இரண்டைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பலர் இவற்றைத் தேவைக்கு மேல் இறுக்கிவிட்டுப் பிழையைத் தேடி அலைகிறார்கள். DDR5-இல் ஒரு வாசிப்பு 16 மாற்றங்களைக் கொண்டது. ஒரு துடிப்புக்கு இரண்டு மாற்றங்கள் என்பதால் அது தரவுப் பாதையை 8 துடிப்புகளுக்கு நிரப்பிவிடுகிறது. அப்படியிருக்க, வரிசைகளைத் திறக்கும் இடைவெளியான tRRDS-ஐ 8-க்குக் கீழே கொண்டுபோனாலும், முந்தைய தரவு பாதையை விட்டு நகரும்வரை அடுத்தது காத்திருக்கத்தான் வேண்டும். நான்கு வரிசைகளுக்கான எல்லையாகிய tFAW, tRRDS-இன் நான்கு மடங்கு என்ற கணக்கில் 32-இல் நிற்கலாம். அதற்குக் கீழே கிடைக்கும் பயன் மிகச் சொற்பம், பிழைக்கான வாய்ப்போ உண்மையானது. ஆகவே இந்த இரண்டும் 8-க்கும் 32-க்கும் கீழே இருந்து முதல் நிமிடங்களில் பிழை வந்தால், வேறெதையும் ஆராயும் முன் இவற்றை இந்த மதிப்புகளுக்கு ஏற்றிவிடுங்கள். இழப்பதற்கு அங்கே ஏதுமில்லை.

அறிகுறி: முக்கால் மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு, பிறகு ஒரே ஒரு பிழை

இந்த வழிமுறையில் அதிக இடம் இதற்குத்தான், ஏனென்றால் அதிகம் தவறாகப் படிக்கப்படும் அறிகுறி இதுவே. இதைச் சரியாகப் படிக்க tREFI என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ராமின் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாக இருக்கிறது. அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும், சூடு கூடக் கூடக் கசிவின் வேகமும் கூடும். அது தீர்வதற்குள் மீண்டும் நிரப்ப வேண்டும். DDR5 தரநிலையில் 3.9 மைக்ரோநொடிக்கு ஒரு ரெஃப்ரெஷ் கட்டளை போகிறது. 8192 கட்டளைகளில் எல்லா வரிசைகளும் ஒருமுறை நிரம்பிவிடும், அதற்கு ஏறத்தாழ 32 மில்லிநொடி ஆகிறது. சிப்பின் சூடு 85 டிகிரியைத் தாண்டினால் இடைவெளியைப் பாதியாக்க வேண்டும் என்று அதே தரநிலை சொல்கிறது. சூட்டுக்கும் tREFI-க்கும் உள்ள உறவு எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு அந்த விதியே போதுமான சான்று.

நம் கணினியில் 3.9 மைக்ரோநொடி என்பது 11700 துடிப்புகள். AM5 பயாஸில் இதை 65535 வரை ஏற்ற முடியும். அப்படி ஏற்றினால் கட்டளைகளுக்கு இடையே 21.8 மைக்ரோநொடி ஆகிவிடும். ஒவ்வொரு வரிசையும் 32 மில்லிநொடிக்குப் பதிலாக ஏறத்தாழ 179 மில்லிநொடி தன் மின்னூட்டத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அறை வெப்பத்துக்கு அருகே இருக்கும்போது பெரும்பாலான மின்தேக்கிகள் இதைத் தாங்கும். மாட்யூல் சூடேறியதும் மிகப் பலவீனமான சில மட்டும் தவறும். அதனால்தான் பிழை தாமதமாகவும் தனியாகவும் வருகிறது.

எடுத்துக்காட்டுக் கணினியில் நடந்ததை அப்படியே தருகிறேன். tRFC 480, tREFI 65535, VDD 1.40 வோல்ட். TestMem5-இல் 47-ஆவது நிமிடம் ஒரு பிழை விழுந்தது, அப்போது மாட்யூலில் 57 டிகிரி. ஒரே பிழைதானே, சற்று மின்னழுத்தம் குறைவாக இருக்கலாம் என்று எண்ணி VDD-ஐ 1.43-க்கு ஏற்றினேன். இம்முறை பிழை 31-ஆவது நிமிடமே வந்தது, சூடு 60 டிகிரி. DDR5-இல் மின்னழுத்தத்தைச் சீராக்கும் சில்லு மதர்போர்டில் இல்லை, மாட்யூலிலேயே இருக்கிறது. மின்னழுத்தம் ஏறும்போது சிப்புகளும் சூடாகின்றன, பக்கத்தில் அந்தச் சில்லும் சூடாகிறது. நான் மருந்து என்று கொடுத்தது நோயை வளர்த்திருக்கிறது. தாளில் அந்த இரண்டு வரிகளையும் அடுத்தடுத்துப் பார்த்தபோதுதான் இது எனக்கு உறைத்தது.

அதன் பிறகு செய்த சோதனையைத்தான் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். எந்த அமைப்பையும் மாற்றாமல், கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, மாட்யூல்களின் மேல் நேரடியாகக் காற்று படும்படி ஒரு விசிறியை வைத்து மீண்டும் ஓட்டினேன். சூடு 46 டிகிரியில் நின்றது, மூன்று மணி நேரம் ஒரு பிழையும் இல்லை. டைமிங்குகளும் மின்னழுத்தமும் மாறவில்லை, மாறியது சூடு மட்டுமே. எனவே காரணம் ரெஃப்ரெஷ்தான் என்று முடிவாயிற்று. விசிறி வைத்தும் பிழை அதே நேரத்தில் வந்திருந்தால், முந்தைய பகுதிக்குத் திரும்பி, நூலிழையில் தப்பித்துக்கொண்டிருக்கும் வேறொரு டைமிங்கைத் தேடியிருக்க வேண்டும்.

விசிறியோடு தேறியதை வெற்றி என்று கொள்ளக் கூடாது. கேபினட்டை மூடி, கிராபிக்ஸ் கார்டையும் முழுச் சுமையில் ஓடவிட்டு, அதன் சூடான காற்று மாட்யூல்களைத் தொடும் நிலையில் சோதியுங்கள். ராம் சோதனை மட்டும் தனியாக ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு ஓய்வில் இருக்கிறது. அதனால் இரவெல்லாம் சோதனையில் தேறிய கணினி, மறுநாள் விளையாட்டில் அரை மணி நேரத்தில் விழுகிறது. அந்தக் கூட்டுச் சுமையில் என் கணினியில் 65535 இருபது நிமிடம்தான் தாங்கியது.

இந்தப் பிழைக்குத் தீர்வு tREFI-ஐக் குறைப்பதும், இயன்றால் VDD-ஐ இறக்குவதும்தான். குறைத்தால் எவ்வளவு இழப்போம் என்ற கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லும். ரெஃப்ரெஷுக்காக ராம் செயலற்று நிற்கும் நேரத்தின் பங்கு, தோராயமாக tRFC-ஐ tREFI-ஆல் வகுத்தால் கிடைப்பது:

```
885 / 11700 = 7.6 %
480 / 11700 = 4.1 %
480 / 32768 = 1.5 %
480 / 65535 = 0.7 %
```

முதல் வரி தரநிலையின் தாராள மதிப்பு, 16 கிகாபிட் சிப்புக்கு 295 நானோநொடி. முதல் மூன்று வரிகளுக்குள்ளேயே ஆறு விழுக்காட்டுக்கு மேல் கைக்கு வந்துவிட்டது. கடைசிப் படி முக்கால் விழுக்காடுதான் தருகிறது. அதற்காக ஒவ்வொரு மின்தேக்கியிடமும் இரு மடங்கு நேரம் தாங்கச் சொல்கிறோம். நான் 32768-இல் நின்றேன். VDD-ஐ 1.38-க்கு இறக்கி tCL-ஐ 30-க்கே திருப்பினேன், ஏனென்றால் 28-க்காகக் கொடுத்த மின்னழுத்தம் தரும் சூடு அதன் பயனைவிட அதிகமாகத் தெரிந்தது. கிராபிக்ஸ் சுமையோடும் பிழை இல்லை.

இன்னொரு காரணத்துக்காகவும் எல்லையில் போய் நிற்கக் கூடாது என்று கருதுகிறேன். DDR5 சிப்புகளுக்குள்ளேயே ஒரு பிழைத் திருத்தம் இருக்கிறது. 128 பிட்டுகளுக்கு 8 திருத்தப் பிட்டுகள் என்ற அளவில், அந்தத் தொகுதியில் ஒரு பிட் தவறினால் சிப் தானே திருத்திக் கொடுத்துவிடும், சோதனை மென்பொருளுக்கு எதுவும் தெரியாது. கசிவால் தவறும் பிட்டுகளில் பெரும்பாலானவை இப்படித் தனித்தனியாகத்தான் விழும். ஆகவே திரையில் முதல் பிழை தோன்றும்போது, அதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியாத பல பிழைகள் திருத்தப்பட்டுக்கொண்டிருந்திருக்கும். பிழை தெரிந்த மதிப்பிலிருந்து ஒரே ஒரு படி இறங்கினால், அந்தத் திருத்தத்தின் தயவில்தான் வாழ்கிறீர்கள். tREFI-ஐப் பொறுத்தவரை, தவறிய மதிப்பில் பாதிக்கு இறங்குவதே என் வழக்கம்.

அறிகுறி: ராம் சோதனை தேறுகிறது, y-cruncher அல்லது Prime95 விழுகிறது

TestMem5 பல மணி நேரம் தேறியும், y-cruncher-இன் VT3 சோதனை சில நிமிடங்களில் நின்றால், மாட்யூலை விட்டுவிட்டு ப்ராசஸரின் பக்கம் பாருங்கள். VT3 மெமரி கன்ட்ரோலரையும், அதை ப்ராசஸரோடு இணைக்கும் பாதையையும் சேர்த்தே வருத்துகிறது. அந்தப் பாதை ஓடும் வேகமே FCLK. அதை ஏற்றியிருந்தால் முதலில் 2000-க்கு இறக்கிச் சோதியுங்கள். பிழை போய்விட்டால் துணை டைமிங்குகள் குற்றவாளி அல்ல.

போகாவிட்டால், மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்கான மின்னழுத்தமான VSOC-ஐச் சிறு படிகளில் மாற்றிப் பார்க்கலாம். இங்கே ஓர் எல்லை இருக்கிறது. 2023-இல் ரைசன் 7000 ப்ராசஸர்கள் சில எரிந்துபோனதை அடுத்து, ஏஎம்டி VSOC-ஐ 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாதபடி பயாஸ் புதுப்பிப்புகள் வழியாகக் கட்டுப்படுத்தியது. அதற்கு முந்தைய பயாஸ் உங்கள் போர்டில் இருந்தால், டியூனிங்கைத் தொடங்கும் முன் புதுப்பித்துவிடுங்கள். 6000 வேகத்துக்கு 1.25 வோல்ட்டைத் தாண்ட வேண்டிய நிலை வந்தால், வேகத்தைத்தான் குறைப்பேன், மின்னழுத்தத்தை ஏற்ற மாட்டேன். சோதனை ஓடும்போது இயங்குதளம் பதிவு செய்த வன்பொருள் பிழைகள் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். விண்டோஸில் பவர்ஷெல்லில் இந்தக் கட்டளை போதும்:

```
Get-WinEvent -FilterHashtable @{LogName='System'; ProviderName='Microsoft-Windows-WHEA-Logger'}
```

பொருந்தும் நிகழ்வு எதுவும் இல்லை என்ற பொருளில் சிவப்பு வரி வந்தால் அது நல்ல செய்திதான். லினக்ஸ் பயன்படுத்துவோர், 32 ஜிபி ராமுக்கு இரண்டு மணி நேரச் சோதனையை இப்படி ஓட்டலாம்:

```
stressapptest -M 26000 -s 7200 -W
```

அறிகுறி: நேற்றுத் தேறியது, இன்று காலையில் தவறுகிறது

ராம் பயிற்சியின் முடிவு ஒவ்வொரு தொடக்கத்திலும் சற்று வேறுபடும். எல்லையை ஒட்டிய அமைப்பு, ஒரு நல்ல பயிற்சியில் தேறி, அடுத்த பயிற்சியில் விழும். எனவே இறுதி அமைப்பை முடிவு செய்யும் முன், கணினியை முழுமையாக அணைத்துச் சில நிமிடம் மின்சாரமின்றி வைத்து, குளிர்ந்த நிலையிலிருந்து மூன்று முறை தொடங்கி, ஒவ்வொரு முறையும் ஒரு சோதனைச் சுற்றை ஓட்டுங்கள். மூன்றும் தேறிய பிறகே `Memory Context Restore`-ஐ மீண்டும் இயக்குங்கள். இயக்கிய பின் உறக்க நிலையிலிருந்து எழும்போது பிழை வந்தால், அதை அணைத்துவிட்டு மெதுவான தொடக்கத்தோடு வாழ்வதே நல்லது.

அறிகுறி: பிழையே இல்லை, வேகமும் கூடவில்லை

இதையும் ஒரு பிழையாகவே எண்ண வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒரே அளவீட்டை ஐந்து முறை ஓட்டி, நடுவில் வரும் எண்ணை எழுதுங்கள். அந்த ஐந்துக்குள்ளேயே இருக்கும் ஏற்ற இறக்கத்தைவிட மாற்றத்தின் பயன் சிறியதாக இருந்தால், அந்த மாற்றம் எதையும் தரவில்லை. உடனே பழைய மதிப்புக்குத் திருப்புங்கள். வேகம் கூடாததோடு ஐந்து எண்களும் முன்பைவிட அதிகமாகச் சிதறினால், FCLK பாதையில் பிழைகள் திருத்தப்பட்டுத் தரவு மீண்டும் அனுப்பப்படுகிறது என்று சந்தேகித்து, FCLK-ஐ ஒரு படி இறக்கி மீண்டும் அளந்து பாருங்கள். டைமிங்குகளைக் காட்டும் ZenTimings மென்பொருளில், மெமரி கன்ட்ரோலரின் வேகமான UCLK, ராமின் கடிகார வேகமான MCLK இரண்டும் சமமாக இருக்கின்றனவா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். UCLK பாதியாக விழுந்திருந்தால், துணை டைமிங்கில் நீங்கள் சேர்த்த எல்லாமே அங்கே கரைந்துவிடும்.

நிறுத்த வேண்டிய இடத்தையும் இந்த அளவீடுதான் காட்டும். நான் வைத்திருக்கும் நிபந்தனைகள் மூன்று. அடுத்த படியின் பயன் அளவீட்டின் சிதறலுக்குள் மறைந்துவிட்டால் நிறுத்துகிறேன். அடுத்த படிக்கு VDD 1.40-ஐத் தாண்ட வேண்டும் என்றாலும் நிறுத்துகிறேன். பல மாட்யூல்களில் மின்னழுத்தச் சில்லு, பூட்டு திறக்கப்படாத நிலையில் 1.435 வோல்ட்டில் தானே தடுத்துவிடும். அந்தத் தடுப்பைத் திறந்து மேலே போவதற்கான காரணம் எதுவும் அன்றாடக் கணினிக்கு இல்லை. மூன்றாவதாக, கிராபிக்ஸ் சுமையோடு மாட்யூல் 60 டிகிரியை நெருங்கினால், பிழை வராவிட்டாலும் ஒரு படி பின்வாங்குகிறேன்.

நின்ற பிறகும் ஒரு வேலை மீதமிருக்கிறது. சோதனைக் காலத்தில் பிழையோடு ஓடிய மணி நேரங்களில் கணினிக் கோப்புகள் கெட்டிருக்கலாம். ஆகவே இறுதி அமைப்பு எல்லாச் சோதனைகளிலும் தேறிய பின், நிர்வாகி உரிமையோடு இதை ஓட்டுங்கள்:

```
sfc /scannow
```

கெட்ட கோப்புகளைக் கண்டு சரிசெய்ததாகச் செய்தி வந்தால், சோதனைக் காலத்தில் நீங்கள் சேமித்த சொந்தக் கோப்புகளையும், தொடங்கும் முன் எடுத்து வைத்த நகலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடுங்கோடை வரும்போது, கேபினட்டை மூடி கிராபிக்ஸ் சுமையோடு அதே சோதனையை ஒருமுறை திரும்ப ஓட்டுங்கள். குளிர்ந்த மாதத்தில் 54 டிகிரியில் தேறிய tREFI, அறை எட்டு டிகிரி கூடும்போது 62-இல் நிற்க வேண்டியிருக்கும்.